முதல் டெங்குவின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் காய்ச்சல் பிரிவில் நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். “இவருக்கு முன்பே ஒருமுறை டெங்கு வந்துவிட்டது, டாக்டர். இனி வராது அல்லவா?” கேட்பவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். கேள்வியில் ஒரு நிம்மதியும் தெரியும். அம்மையோ தட்டம்மையோ ஒருமுறை வந்துபோனால் வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பு என்று நம் வீடுகளில் வழிவழியாக அறிந்து வைத்திருக்கிறோம். அந்த அறிவு பிழையானதன்று. ஆனால் டெங்குவுக்கு அது பொருந்தாது. டெங்குவைப் பொறுத்தவரை ‘முன்பே ஒருமுறை வந்துவிட்டது’ என்பதை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் மருத்துவரின் காதுக்கு எட்டாமல் போவதற்கு மருத்துவமனைகளாகிய நாங்களும் ஒரு காரணம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

டெங்கு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் நான்கு வைரஸ்களை. ஒரே குடும்பத்தில் பிறந்த நான்கு உடன்பிறப்புகள் என்று அவற்றைக் கருதலாம். முதல் வகை, இரண்டாம் வகை என எண்ணிட்டே மருத்துவர்கள் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். நான்குமே இந்தியாவில் உலவுகின்றன. ஒரு வகையால் காய்ச்சல் வந்து குணமானவருக்கு அதே வகை மீண்டும் நோய் தருவது மிக அரிது. மற்ற மூன்று வகைகளுக்கு எதிராக அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்கள், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் நீடிக்கும். பிறகு மெல்லத் தேய்ந்துவிடும். அவ்வாறு தேய்ந்த பின் வேறொரு வகை உடலுக்குள் நுழையும்போதுதான் முதல் முறையைவிடக் கடுமையான நோய் வரக்கூடும்.

இதை மிகத் தெளிவாக உலகுக்குக் காட்டிய நாடு கியூபா. ஒரு தீவு, கொசு ஒழிப்பில் கண்டிப்பான அரசு, நோயாளிகளின் பதிவுகளும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. 1977இல் அங்கே முதல் வகை டெங்கு பெருமளவில் பரவியது. மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கும் மேலானோருக்கு அந்தத் தொற்று ஏற்பட்டது. எனினும் நோய் லேசாகவே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981இல், இரண்டாம் வகை தீவுக்குள் நுழைந்தது. ஒரு சில மாதங்களுக்குள் 3,44,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 10,000க்கும் அதிகமானோருக்குக் கடுமையான டெங்கு ஏற்பட்டது. 158 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 101 பேர் குழந்தைகள். முதல் முறை வெறும் காய்ச்சலாக வந்துபோன நோய் இரண்டாம் முறை இவ்வாறு வந்தது.

இதை மட்டும் வைத்து, இரண்டாம் வகை வைரஸே இயல்பில் கொடியது என்றும் ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு விடை 1997இல் கிடைத்தது. 1981க்குப் பின் கியூபா கொசுக்களை அடக்கி, பல ஆண்டுகள் டெங்கு இல்லாமலேயே இருந்தது. பிறகு சாண்டியாகோ தே கியூபா என்ற நகரில் இரண்டாம் வகை மீண்டும் தலைகாட்டியது. இம்முறை 1981க்குப் பின் பிறந்த சிறுவர்கள் யாருக்கும் முன்பு டெங்கு வந்திருக்க வழியில்லை. அவர்களையும் அதே வைரஸ்தான் தொற்றியது. ஆனால் கடுமையான நோய் அவர்களை அண்டவில்லை. கடும் நோய்க்கு ஆளான 205 பேரும், இறந்த 12 பேரும் பெரியவர்கள். ஏறக்குறைய அவர்கள் அனைவரும் இருபது ஆண்டுகளுக்கு முன் முதல் வகை டெங்குவைக் கண்டவர்கள். ஒரே நகரம், ஒரே வைரஸ், ஒரே கோடைக்காலம். எவரிடம் பழைய தொற்றின் தடம் இருந்ததோ அவரையே நோய் வீழ்த்தியது. இருபது ஆண்டுகள் கடந்த பின்பும் அந்தத் தடம் மறையவில்லை என்பது எங்களை இன்றளவும் வியக்க வைக்கிறது. ஆகவே, “அது எப்போதோ வந்தது, கல்லூரியில் படிக்கும்போது” என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நம்மைக் காக்க உருவான எதிர்ப்புச் சக்தியே ஏன் நமக்கு எதிராகத் திரும்புகிறது? ஒரு வைரஸ் உடலுக்குள் வந்ததும், அதைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய புரதங்களை உடல் உருவாக்குகிறது. ஆன்டிபாடி எனப்படும் இவற்றை எதிர்ப்பான்கள் என்போம். சிறுவர்கள் காய் அடிக்கப் பயன்படுத்தும் உண்டிவில்லின் கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பானின் வடிவமும் ஏறத்தாழ அதுவே. மேலே பிரியும் இரண்டு கைகள் வைரஸைப் பற்றும். கீழேயுள்ள காம்பு வெளியே நீண்டிருக்கும். இரத்தத்திலும் திசுக்களிலும் துப்புரவுப் பணி செய்யும் பெரிய வெள்ளணுக்கள், அந்தக் காம்பைக் கண்டால் பிடித்து உள்ளே இழுத்து, அதனுடன் வரும் கிருமியைச் சிதைத்துவிடும். கைகள் வைரஸை இறுக்கமாக, போதிய எண்ணிக்கையில் பற்றியிருந்தால் இந்த ஏற்பாடு பிசகின்றி நடக்கும்.

டெங்குவின் நான்கு வகைகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பவை. ஆனால் ஒன்றே அல்ல. முதல் வகைக்காக உருவான எதிர்ப்பான்கள் இரண்டாம் வகையையும் அடையாளம் கண்டு பற்றும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் பற்றுவதில்லை. வெள்ளணுவோ இந்த வேறுபாட்டை அறியாது. காம்பைக் கண்டதும் வழக்கம்போல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கெடுவாய்ப்பாக, டெங்கு வைரஸ் பெருகுவதற்கு மிகவும் விரும்பும் இடமே அந்த வெள்ளணுதான். கைவிலங்கிட்டு இழுத்து வந்த திருடனை, விலங்கு தளர்ந்திருப்பதைப் பாராமல் கருவூலத்துக்குள்ளேயே விட்டுவிட்டது போன்ற நிலை இது. எதிர்ப்பான் இல்லாதபோது நுழைந்திருக்கக் கூடியதைவிட அதிக அணுக்களுக்குள் வைரஸ் நுழைகிறது. இந்த வழியாக நுழையும்போது அணுவின் உட்புறத் தற்காப்பும் மங்கிவிடுவதால் ஒவ்வோர் அணுவிலிருந்தும் அதிக வைரஸ்கள் வெளிப்படுகின்றன. எதிர்ப்பான்களின் துணையால் தொற்று வலுப்பெறும் இந்த நிகழ்வைத்தான் மருத்துவர்கள் தனிப்பெயரிட்டு ஆராய்கின்றனர்.

இதை முதலில் நோயாளிகளிடம் ஊகித்தவர்களுள் முதன்மையானவர், 1960களில் பாங்காக்கில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். அங்கே கடும் டெங்குவோடு வந்த குழந்தைகள் இரு கூட்டத்தினராக இருப்பதை அவர் கண்டார். ஒரு கூட்டம், இரண்டாம் முறையாகத் தொற்றுக்கு ஆளான சிறுவர் சிறுமியர். மற்றொரு கூட்டம் ஒரு வயது நிறையாத கைக்குழந்தைகள். அக்குழந்தைகளுக்கு அதுவே வாழ்வின் முதல் டெங்கு. அப்படியிருக்க அவர்களுக்கு ஏன் கடுமையாக வர வேண்டும்? அவர்களின் தாய்மார்களுக்கு முன்பே டெங்கு வந்திருந்தது. தாயின் எதிர்ப்பான்கள் கருவிலேயே குழந்தைக்கு வந்து சேர்ந்திருந்தன. பிறந்த புதிதில் அவை நிறைந்திருந்து குழந்தையைக் காத்தன. மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து, காக்கப் போதாத, ஆனால் வெள்ளணுவுக்கு வழிகாட்டப் போதுமான ஓர் இடைநிலையை அடைந்தன. ஆபத்து அந்த வேளையில்தான். நாங்கள் படித்த மருத்துவ வரலாறுகளில், சிந்தனையின் நேர்மைக்காக எங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களுள் இது ஒன்று. குழந்தைக்கு முந்தைய தொற்றே இல்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பான் மட்டுமே இருந்தது. ஆகவே சந்தேகம் எதிர்ப்பானின் மேல் விழுந்தது.

இந்த ‘இடைநிலை’ என்பதைப் பிற்காலத்தில் நிகராகுவா நாட்டில் அளந்தும் காட்டினர். பல்லாயிரம் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஆண்டுதோறும் அவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பான் அளவைக் குறித்துவைத்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, எதிர்ப்பான் அறவே இல்லாதவர்களுக்கும் மிகுதியாக உள்ளவர்களுக்கும் கடும் நோய் குறைவு. இடையில் ஒரு குறுகிய அளவில் எதிர்ப்பான் கொண்டிருந்தவர்களுக்கே கடும் நோயின் வாய்ப்பு மிகுந்திருந்தது. எதிர்ப்பான் இல்லாதவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். மருந்து அளவாக இருந்தால் குணம், மிஞ்சினால் நஞ்சு என்பதே நமக்குப் பழகிய வழக்கு. இங்கோ குறைந்தால்தான் தீங்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்சி நடுங்க வேண்டாம். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஒரு வாரக் காய்ச்சலோடு எழுந்து நடமாடிவிடுகிறார்கள். கடுமையாவது நூற்றில் சிலருக்கே. எதிர்ப்பான் மட்டுமே அதற்குக் காரணமும் அன்று. பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் வேறு வெள்ளணுக்களின் மிகைச் செயல், வைரஸின் வகை, முதலில் எந்த வகை பிறகு எந்த வகை என்ற வரிசை, நோயாளியின் வயது, நீரிழிவு போன்ற துணைநோய்கள் ஆகியவையும் சேர்ந்தே நோயின் போக்கை முடிவு செய்கின்றன. முதல் தொற்றிலேயே கடுமையாக நோயுற்றவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆயினும் கடும் டெங்குவோடு வருபவர்களில் இரண்டாம் தொற்றினரே மிகுதி என்பதை மறந்துவிட முடியாது.

படுக்கையருகே இது எவ்வாறு தோன்றும்? எங்கள் பிரிவில் பலரிடம் கண்டவற்றைத் தொகுத்து ஒரே நோயாளியாகச் சொல்கிறோம். முப்பத்திரண்டு வயதுப் பெண். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தார். இப்போது இரண்டு நாளாக 103 டிகிரி காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. புறநோயாளர் பிரிவில் இரத்தப் பரிசோதனை செய்தோம். பி.சி.வி. 36, தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 1,60,000. வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தது. முன்பு டெங்கு வந்ததா என்று கேட்டபோது, “இல்லைங்க, அப்போது சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்” என்றார் கணவர். டெங்கு இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குச் சென்றார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. வீட்டார் மகிழ்ந்தனர், இட்லி கொடுத்தனர். நண்பகலுக்குள் மூன்று முறை வாந்தி. மேல்வயிற்றில் விடாத வலி. பேச்சுக் கொடுத்தால் சோர்வாக ஒரு சொல்லில் பதில். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பது மாமியாருக்கு மாலையில்தான் நினைவுக்கு வந்தது. கொண்டுவந்தபோது கைகள் சில்லிட்டிருந்தன. இரத்த அழுத்தம் 100க்கு 84. மேலெண் 100 என்பதைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும்; ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே 16 மட்டுமே. டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் குறுகுவது, உடல் அதிர்ச்சி நிலைக்குள் செல்கிறது என்பதன் அடையாளம். பி.சி.வி. 44ஆக ஏறியிருந்தது. தட்டணுக்கள் 62,000.

இங்கே பி.சி.வி. என்ற எண்ணைக் குறித்துச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் எல்லோரும் தட்டணுக்களின் எண்ணிக்கையையே தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கவலைப்படுகிறார்கள்; அதைவிட முதன்மையான எண் அதே தாளில் இருப்பதைக் கவனிப்பதில்லை. இரத்தத்தில் நீர்ப்பகுதியும் அணுக்களும் உள்ளன. அணுக்கள் எத்தனை விழுக்காட்டு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே பி.சி.வி. கடும் டெங்குவில் நுண் இரத்தக்குழாய்களின் உட்சுவர் சில காலத்துக்குக் கசியத் தொடங்கும். பெருகிய வைரஸ், அது வெளிவிடும் என்.எஸ்.1 புரதம், அதற்கு எதிராக உடல் எழுப்பும் கொந்தளிப்பு ஆகியவை இதற்குக் காரணம். நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் ஒழுகிவிடும். அணுக்கள் உள்ளேயே நிற்கும். சாம்பாரைக் கொதிக்கவிட்டால் நீர் வற்றிக் கெட்டியாவது போல இரத்தம் கெட்டியாகிறது. இவருக்கு 36இலிருந்து 44 என்பது 22 விழுக்காட்டு ஏற்றம். 20 விழுக்காட்டைத் தாண்டினால் கசிவு உறுதி என்று கொள்கிறோம். இரண்டாம் நாள் எடுத்த 36 என்ற எண் கையில் இல்லாமலிருந்தால் 44 என்பதன் பொருளே எங்களுக்கு விளங்கியிருக்காது. பெண்களில் பலருக்கு அது இயல்பான அளவாகவே இருக்கும். முதல் நாள்களின் பரிசோதனைத் தாளைக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அவருக்கு நரம்பு வழியே உப்புநீர் செலுத்தி, மணிக்கொருமுறை நாடி, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றைப் பார்த்து, அதற்கேற்ப நீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தோம். கசியும் காலம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாள்களே. அதன்பின் வெளியேறிய நீர் தானாக இரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பாட்டில்களை ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே, “ஏன் குளுக்கோஸை நிறுத்திவிட்டார்கள்?” என்று உறவினர் கோபிக்கும் வேளை, பெரும்பாலும் நோயாளி தேறிவரும் வேளைதான். இவரும் ஏழாம் நாள் பி.சி.வி. 37உடன் பசியெடுத்து உண்டார்.

இனி, இரண்டாம் நாளுக்குத் திரும்புவோம். அன்று என்.எஸ்.1 ‘இல்லை’ என்று வந்தது ஏன்? இரண்டாம் தொற்றில் பழைய எதிர்ப்பான்கள் விரைந்து பெருகி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், பரிசோதனையின் கண்ணுக்கு அது தப்பிவிடுவதுண்டு. ஐ.ஜி.எம். என்ற புதிய எதிர்ப்பானும் இரண்டாம் தொற்றில் குறைவாகவே தோன்றலாம், ஆனால் ஐ.ஜி.ஜி. என்ற பழைய எதிர்ப்பான் காய்ச்சலின் முதல் சில நாள்களிலேயே வேகமாக ஏறும். ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்தது டெங்குதான் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால், ஒற்றை ‘இல்லை’யை நம்பி வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டோம். நாள்தோறும் வந்து இரத்தம் கொடுக்கச் சொல்லியிருப்போம். காய்ச்சல் விடும் நாளே கவனிக்க வேண்டிய நாள் என்று கணவரிடம் அழுத்திச் சொல்லியிருப்போம். உண்மையில், கேட்காமலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டியது அது. கூட்டத்தின் நடுவே சொல்லாமல் விட்டது எங்கள் பிழை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் கையில் கொடுக்கப்பட்ட டிஸ்சார்ஜ் தாளில் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. அந்தத் தாளை எழுதியவர்களைக் குறைகூறும் தகுதி எங்களுக்கில்லை. நாங்களும் அவ்வாறு எழுதி அனுப்பியிருக்கிறோம். உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்யப்படவில்லை, நோயாளி நலமாகிவிட்டார், படுக்கைக்கு அடுத்தவர் காத்திருக்கிறார் என்ற நிலையில் அந்த இரண்டு சொற்கள் எளிதாக வந்துவிடுகின்றன. நோய் தீர்ந்த அன்றைக்கு அதனால் யாருக்கும் இழப்பில்லை. அடுத்த முறை வரும்போதுதான் அதன் இழப்பு தெரிகிறது. டெங்கு என உறுதியானால் டெங்கு என்றும், உறுதியாகாமல் ஐயமிருந்தால் ‘டெங்குவாக இருக்கலாம்’ என்றும், எந்தப் பரிசோதனை எந்த நாளில் செய்யப்பட்டது என்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். எங்கள் மருத்துவமனையிலும் கேளுங்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. எங்கள் நண்பர்களான மருத்துவர்கள் சிலரே அதைச் சொல்கிறார்கள். முதல் தொற்றோ இரண்டாம் தொற்றோ சிகிச்சை ஒன்றுதானே, கசிவைக் கவனித்து நீர் கொடுப்பதுதானே, பிறகு இந்தத் தகவலால் என்ன பயன் என்பது அவர்கள் வாதம். சிகிச்சை ஒன்றே என்பதை ஏற்கிறோம். ஆனால் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாளை மீண்டும் பார்க்க வேண்டும், எந்தப் பரிசோதனை முடிவை நம்பாமலிருக்கலாம் என்ற தீர்மானங்கள் சிகிச்சைக்கு முன்பே எடுக்கப்படுபவை. அங்கேதான் இந்தத் தகவலுக்கு மதிப்பு. மற்றொரு மறுப்பு இன்னும் வலுவானது. டெங்கு தொற்றும் நால்வரில் ஏறக்குறைய மூவருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. எனவே ‘எனக்கு முன்பு வந்ததே இல்லை’ என்று ஒருவர் உறுதியாகச் சொன்னாலும் அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. இதையும் ஏற்கிறோம். முன்பு வந்திருக்கிறது என்ற செய்தி எங்களுக்கு உதவும். வரவில்லை என்ற செய்தியைக் கொண்டு நாங்கள் கவனத்தைத் தளர்த்த மாட்டோம்.

அப்படியானால் நலமாக இருப்பவர்கள் எல்லோரும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாமா என்று சிலர் கேட்கின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் விடை. எந்த வகை வந்தது என்பதை அது சொல்லாது. மூளைக்காய்ச்சலுக்கான ஜப்பானியத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் அது சில வேளை தவறாக ‘உண்டு’ என்று காட்டக்கூடும். முடிவு எதுவானாலும் நாளை காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது மாறப்போவதுமில்லை. பணத்தைக் கொசுவலைக்குச் செலவிடலாம்.

முந்தைய தொற்றை அறிந்துகொள்வது உண்மையாகவே தேவைப்பட்ட ஓரிடமும் உண்டு. 2016இல் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கியது. 8,00,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்டனர். 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் டெங்கு வந்தால் கடுமையாகலாம் என்று அறிவித்தது. முன்பு தொற்று கண்டவர்களுக்கு அந்த ஊசி பாதுகாப்பளித்தது. தொற்றே காணாத குழந்தையின் உடலிலோ அதுவே முதல் தொற்றைப் போல வேலைசெய்து, அரைகுறை எதிர்ப்பான்களை விட்டுச்சென்றது. அடுத்து வந்த உண்மையான கொசுக்கடி இரண்டாம் தொற்றாக அமைந்தது. திட்டம் நிறுத்தப்பட்டது, பெற்றோரின் சீற்றமும் துயரமும் பிற தடுப்பூசிகளின் மீதும் நம்பிக்கையைக் குலைத்தன. முன்பு டெங்கு வந்ததை உறுதிசெய்த பின்னரே அந்த ஊசியைப் போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. டெங்குவுக்குத் தடுப்பூசி ஏன் இத்தனை தாமதமாகிறது என்று எங்களிடம் சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த நிகழ்வையே சொல்கிறோம். நான்கு வகைகளுக்கும் ஒரே நேரத்தில் நிறைவான பாதுகாப்புத் தராத ஊசி, ஊசியே இல்லாததைவிட ஆபத்தாகிவிடக் கூடும். நாளை நம் ஊரில் ஒரு தடுப்பூசி கிடைக்கும்போதும், உங்கள் பிள்ளைக்கு முன்பு டெங்கு வந்ததா என்ற கேள்வி முதலில் எழலாம். அப்போதும் அந்தப் பழைய தாள் உதவும்.

ஆகவே வீட்டில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்தாலும் நன்று. யாருக்கு, எந்த ஆண்டு, எந்த மாதம், டெங்கு என்று உறுதியானதா அல்லது ஐயமா, தட்டணுக்கள் எவ்வளவு குறைந்தன, மருத்துவமனையில் தங்கினாரா என்று நான்கு வரிகள் போதும். அடுத்த முறை காய்ச்சலோடு வரும்போது, பதிவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே, நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுத்திருந்தால், குறிப்பாக ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுத்திருந்தால், அதையும் சொல்லுங்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், தாய்க்கு முன்பு டெங்கு வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கே சில வேளை தோன்றுவதில்லை.